எழுபத்திரண்டாம் கேள்வியின் அம்மா

பெருமாள்ராஜ் சாரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைக் கலைச்செல்விகூட மறுக்கமாட்டாள். அவர் போடும் எக்ஸ், இரண்டு கொக்குகள் கழுத்தைப் பின்னிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். விடையைச் சுற்றிப் போடும் வட்டத்தில் மட்டும் கொஞ்சம் கர்வம் தெரியும். தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் நிற்காமல் இன்னும் அரைச்சுற்று போகும்.

அன்றைய போட்டோவில் அந்த வட்டத்துக்குள் இருந்த எண் 11.

போட்டோ வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது காலை பத்து மணிக்கு. ஆழ்வார்குறிச்சி ஜெராக்ஸ் கடையில் யாரோ ஒருவரின் பட்டாவை நாலு பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள் கலைச்செல்வி. அவள் கணக்கில் பட்டம் வாங்கியவள். வாங்கிய பட்டத்தைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்தே பத்து வருடம் ஓட்டிவிட்டாள். வயது முப்பத்தொன்று. அரசுத் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கரைக்குப் பக்கத்தில் வந்து முழுகியவள். கடைசி முறை மூன்று கேள்வியில் போயிற்று. மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தால் அவ்வளவுதான் வரும்.

அதனால்தான் அவளுக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. வண்ணார்பேட்டையில் செருப்புக்கடைக்கு மேல்மாடியில் பெருமாள்ராஜ் சார் நடத்தும் உச்சி அகாடமி, வருடத்துக்கு ஒரு முறை நூறு கேள்விக்கு ஒரு தேர்வு வைக்கும். முதல் பத்துப் பேருக்கு ஆறு மாதம் இலவசப் பயிற்சி. பகல் முழுக்க உட்கார்ந்து படிக்க ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. காசு கட்டிச் சேர அவளுக்கு வழி இல்லை. இலவசம் என்றால் கடையை விட்டுவிடலாம் என்று வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் வாங்கியிருந்தாள்.

மதிப்பெண் பட்டியல் முந்தின நாளே வந்துவிட்டது. பத்தாவது இடம் செந்தூர்பாண்டி, எண்பத்தாறு. பதினோராவது இடம் கலைச்செல்வி, எண்பத்தைந்து. பன்னிரண்டாவது ஆள் எழுபத்தொன்பதில் எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருந்தார். ஆக ஒரே ஒரு மதிப்பெண்.

இப்போது விடைகள் போட்டோ போட்டோவாக வந்து விழுந்தன. மேலே அச்சடித்த கேள்வி, கீழே சாரின் கொக்குகள். எழுபத்திரண்டாவது கேள்வி இது:

‘ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தாயின் வயது, மகளின் வயதைப் போல் நான்கு மடங்கு. இன்றிலிருந்து பத்து ஆண்டுகள் கழித்துத் தாயின் வயது, மகளின் வயதைப் போல் இரண்டு மடங்கு. மகளின் இன்றைய வயது என்ன? (அ) 8 (ஆ) 11 (இ) 14 (ஈ) 16.’

கலைச்செல்வி 14 என்று நிரப்பியிருந்தாள். சாரின் வட்டம் 11 என்றது. கீழே அவர் போட்ட வழி:

மகள் = x, தாய் = 4x
4x + 10 = 2(x + 10)
2x = 10, x = 5
இன்று 5 + 6 = 11

அதற்கும் கீழே, அவருடைய புகழ்பெற்ற வாய்ப்பாடு சிவப்பு மையில்: ‘முன்னால கழி, பின்னால கூட்டு, எக்ஸைப் போட்டு ஆளை மாட்டு.’ இந்தப் பாட்டால் பெருமாள்ராஜ் சாருக்கு யூடியூபில் ஊர் ஊராக ரசிகர்கள் இருந்தார்கள். பத்து நொடிக்குள் எந்த வயதுக் கணக்கையும் முடித்துவிடுவார். கணக்கும் அத்துடன் முடிந்துவிடும்.

குழுவில் அதற்குள் கும்பிட்ட கைகள் குவிந்துவிட்டன. ‘தெய்வமே’ என்றான் ஒருவன். ‘சார் கையெழுத்தப் பாத்தாலே பாஸ்’ என்றாள் இன்னொருத்தி. கூடங்குளத்திலிருந்து ஒருவர் ஏழு நெருப்புப் படங்கள் போட்டிருந்தார். விடையைப் போட்டுப் பார்த்தவர் எவருமில்லை. தெய்வத்தைச் சோதிப்பது பாவமல்லவா.

கலைச்செல்வி போட்டோவைப் பெரிய தாளில் அச்செடுத்தாள். முதலாளி பார்த்தால் திட்டுவார் என்பதால் ஏற்கெனவே கறை விழுந்து வீணான தாள் ஒன்றில் எடுத்தாள். பின்பக்கம் மூன்று கட்டம் போட்டாள்: அன்று, இன்று, பிறகு. அன்று மகள் x, தாய் 4x. இன்றைக்கு வர ஆறு வருடம் ஆகும். ஆக மகள் x + 6, தாய் 4x + 6. இன்னும் பத்து வருடம் போனால் மகள் x + 16, தாய் 4x + 16. அங்கேதான் இரண்டு மடங்கு.

4x + 16 = 2(x + 16). 2x = 16. x என்பது 8. அது ஆறு வருடத்துக்கு முந்திய வயது. இன்று மகளுக்கு 14, தாய்க்கு 38. பத்து வருடம் கழித்து 24, 48. இரண்டு மடங்கு, ஒரு இம்மி கூடாமல் குறையாமல்.

சார் வழுக்கின இடமும் தெரிந்துவிட்டது. இன்றைய வயதை எக்ஸ் என்று வைத்திருந்தால் அவருடைய பாட்டு சரிதான். முன்னால் கழிக்கலாம், பின்னால் கூட்டலாம். அவரோ ஆறு வருடத்துக்கு முந்திய வயதை எக்ஸ் என்று வைத்துவிட்டு, இன்றைய வயதுக்கான பாட்டைப் பாடிவிட்டார். நடுவில் இருந்த ஆறு வருடத்தை விழுங்கிவிட்டார். கடைசி வரியில் மட்டும் ஞாபகம் வந்து ஆறைக் கூட்டியிருக்கிறார். வீட்டைப் பூட்டாமல் ஊருக்குப் போனவன் பஸ்ஸில் ஏறியபின் சாவியைத் தடவிப் பார்ப்பதுபோல.

அவள் குழுவில் பணிவாகத்தான் எழுதினாள்: ‘மகளுக்கு 11 என்றால் தாய்க்கு 26. பத்து வருடம் கழித்து 21, 36. இருபத்தொன்றின் இரண்டு மடங்கு முப்பத்தாறா?’ கொஞ்சம் யோசித்து இன்னொரு வரியும் சேர்த்தாள்: ‘தவிர, இந்த அம்மா பதினைந்து வயதில் பிள்ளை பெற்றிருக்கிறார்.’

‘சாருக்கே பாடமா?’ என்று உடனே ஒரு பதில் வந்தது. ‘வயசான காலத்துல படிக்க வந்தா இப்படித்தான்’ என்று ஒன்று. ஐந்து நிமிடத்தில் அவள் செய்தியை நீக்கிவிட்டு அட்மின் அறிவித்தார்: ‘ஆட்சேபணை இருப்பவர்கள் இன்று மாலை ஐந்து மணிக்குள் நேரில் வரவும்.’

அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

*

அகாடமி அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் சிவசண்முகம் இருந்தார். அட்மின் அவர்தான். விண்ணப்பம் வாங்குவது, ரசீது போடுவது, குழுவில் வாயாடுகிறவர்களை நீக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. பக்கத்து நாற்காலியில், சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு செந்தூர்பாண்டி உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது. பத்தாம் இடத்துக்காரன் என்பது அவன் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது. நாற்காலியை இப்போதே பழகிக்கொண்டிருந்தான்.

“யாரும்மா? அந்த எழுபத்திரண்டா?” என்றார் சிவசண்முகம்.

“ஆமா அண்ணாச்சி.”

“இரி, பைய பேசுவோம். சார் உள்ள வீடியோ எடுத்துக்கிட்டு இருக்காரு. சத்தம் போடக் கூடாது.”

சுவரில் விதிமுறைகளை ஒட்டியிருந்தார்கள். செருப்பை வெளியே விடவும். செல்போனை அணைக்கவும். சம மதிப்பெண் பெற்றால் வயதில் மூத்தவருக்கே முன்னுரிமை. முடிவில் நிர்வாகத்தின் தீர்ப்பே இறுதியானது. அரசாங்க அறிவிக்கையிலிருந்து வரிக்கு வரி எடுத்து, கடைசி வரியை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

“யக்கா, நீங்கதான் அம்மாவுக்கு பதினஞ்சு வயசுன்னு எழுதினதா?” செந்தூர்பாண்டி சிரித்தான். “கணக்குல வாற அம்மாவுக்குப் போயி கவலப்படுதீங்களே.”

“நீ என்ன போட்ட?”

“பதினொண்ணுதான். எட்டு செகண்டு. சாரு பாட்டு இருக்கு, பிறவென்ன?”

“விடையைத் திரும்பப் போட்டுப் பாத்தியா?”

“பாட்டுல அது இல்லியே.”

அவள் கையிலிருந்த பெரிய தாளை மேசையில் விரித்தாள். சிவசண்முகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படிக்காமல், செல்போனை எடுத்தார்.

“நமக்கு எதுக்கும்மா வாக்குவாதம்? போட்டோ எடுத்துக் காட்டினா கணக்குப் போடுத ஆப்பு ஒண்ணு வந்திருக்கு. எம் மவன் வச்சுக் கொடுத்தான். அது யாரு பக்கமும் பேசாது.”

தாளுக்கு மேல் செல்போனைப் பிடித்தார். அது முனகியது, ஒரு சக்கரம் சுற்றியது. பிறகு அவர் முகம் தேர்வு முடிவு வந்ததுபோல் மலர்ந்தது.

“எக்ஸ் ஈக்குவல் டு அஞ்சு! பாத்துக்கிடு. அஞ்சும் ஆறும் பதினொண்ணு. மெஷினு பொய் சொல்லுமா?”

“செத்தான்டா சேகரு” என்றான் செந்தூர்பாண்டி, யார் சேகர் என்று தெரியாமலே.

கலைச்செல்வி செல்போனைப் பார்த்தாள். திரையில் சாரின் கொக்குகள் அச்சு எழுத்தாக மாறி நின்றிருந்தன: 4x + 10 = 2(x + 10).

“அண்ணாச்சி, இது கேள்வியப் படிக்கல. சார் எழுதின சமன்பாட்டப் படிச்சிருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ரெண்டும் ஒண்ணுன்னா நான் எதுக்கு ஆழ்வார்குறிச்சில இருந்து வாறேன்? சமன்பாடு எழுதிக் குடுத்தா பத்தாம் கிளாஸ் பிள்ளையும் தீத்திரும், மெஷினும் தீத்திரும். அந்த வாக்கியத்த சமன்பாடா மாத்துததுதான் கணக்கே. சார் வழுக்கினது அங்கனதான்.”

அவள் தாளை மடித்தாள். சாரின் கையெழுத்து முழுக்கப் பின்பக்கம் போயிற்று. அச்சடித்த கேள்வி மட்டும் மேலே நின்றது.

“இப்போ எடுங்க.”

சிவசண்முகத்துக்கு விருப்பமில்லை. ஆனால் யார் பக்கமும் பேசாது என்று சொன்னவர் அவர்தான். எடுத்தார். சக்கரம் இந்த முறை கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியது. பிறகு திரையில் வரி வரியாக இறங்கியது. கடைசி வரியில் 14.

அவர் செல்போனைத் தட்டினார். தட்டினால் விடை மாறும் என்று நம்புகிறவர்போல. “நெட்டு சரியில்ல” என்றார்.

உள்ளேயிருந்து பெருமாள்ராஜ் சார் வந்தார். வீடியோவுக்காகப் போட்ட பவுடர் கழுத்தோடு நின்றிருந்தது. சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா. “என்ன பிரச்சினை?” என்று கேட்டது சிவசண்முகத்திடம், பார்த்தது கலைச்செல்வியை.

அவள் மடித்த தாளைத் திறந்து காட்டினாள். அவர் தன் கையெழுத்தை ஒரு நொடி ரசித்துவிட்டுத்தான் கணக்குக்கு வந்தார்.

“ஆறு வருஷத்துக்கு முன்ன அஞ்சு, இருபது. அங்க இருந்து பத்து வருஷம் போனா பதினஞ்சு, முப்பது. ரெண்டு மடங்கு வருதுல்லா? பின்ன?”

“அங்க இருந்துன்னு கேள்வில இல்ல சார். இன்றிலிருந்துன்னு இருக்கு. நீங்கதான் கேள்விய எழுதினது.”

“ஒரு பேச்சுக்கு இன்றிலிருந்துன்னு போட்டது.”

“பஸ்ஸுல சொல்லுதேன் சார். அம்பைல இருந்து பத்தாவது ஸ்டாப்புல இறங்கணும்னு ஒருத்தர் சொல்லுதாரு. நான் அம்பைக்கு ஆறு ஸ்டாப்பு முன்னாலயே ஏறியாச்சு. எனக்கு அது பத்தாவது ஸ்டாப்பா, பதினாறாவதா? நீங்க பத்துல இறங்கச் சொன்னா நான் அம்பை தாண்டி நாலாவதுல நடுரோட்டுல நிப்பேன். உங்க கணக்குல வாற அம்மா அங்கதான் நிக்காங்க.”

செந்தூர்பாண்டி விரல்விட்டு எண்ணுவதை அவள் பார்த்தாள். பத்தோடு ஆறு. அவன் உதடு அசைந்து, நின்றது. பாட்டில் இல்லாத ஒன்றை அவன் முதன்முறையாகக் கூட்டிப் பார்த்திருக்கிறான்போல.

“சார்,” என்றான் மெதுவாக, “யக்கா சொல்லுதது…”

“நீ சும்மா கெடலே.”

பெருமாள்ராஜ் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மூளை வேகமாக வேலை செய்வது தெரிந்தது. கணக்குக்கு வேலை செய்யாத வேகம் அதில் இருந்தது. விடை தப்பு என்று குழுவில் போட்டால் கும்பிட்ட கைகள் எல்லாம் இறங்கிவிடும். அந்தப் பாட்டுக்கு எத்தனை ஆயிரம் பேர் தலையாட்டியிருக்கிறார்கள்! தப்பு என்ற சொல்லே வராமல் இதை மூட வேண்டும்.

“ஒண்ணு செய்வோம்,” என்றார், பெரிய மனதுடன். “கேள்வியில குழப்பம் இருக்கு. அரசாங்கம் என்ன செய்யுது? குழப்பமான கேள்விக்கு எல்லாருக்கும் மார்க் குடுத்துருது. நாமளும் அதே மாதிரி எழுபத்திரண்டுக்கு எல்லாருக்கும் ஒரு மார்க். யாரு மனசும் நோகாது.”

“கேள்வியில குழப்பமே இல்ல சார். விடையிலதான்.”

“எம்மா, உனக்கு மார்க் வேணுமா, வாதம் வேணுமா?”

கலைச்செல்விக்கு அந்தத் தந்திரம் உடனே புரிந்தது. விடையைத் திருத்தினால் அவளுக்கு எண்பத்தாறு, செந்தூர்பாண்டிக்கு எண்பத்தைந்து. நாற்காலி அவளுக்கு. எல்லாருக்கும் கொடுத்தால், அவனுடைய தப்பு விடைக்கு ஏற்கெனவே கிடைத்த மதிப்பெண் அப்படியே நிற்கும். தப்பும் சரியும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒரே வரிசையில் நிற்கும். பட்டியல் மாறாது, பாட்டு மாறாது, வட்டம் இன்னும் அரைச்சுற்று போகும். வாய் திறக்கப் போனவள், சுவரைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

“சரி சார்,” என்றாள். “எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருங்க.”

இவ்வளவு சீக்கிரம் அடங்குவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மகிழ்ச்சியாக, நான்கு பேனாவில் பச்சையைத் தேர்ந்தெடுத்து, முத்து முத்தாக எழுதினார்: ‘வினா எண் 72-க்கு அனைவருக்கும் ஒரு மதிப்பெண் வழங்கப்படுகிறது.’ கீழே கையெழுத்து. அதற்கும் ஒரு கோடு.

சிவசண்முகம் பட்டியலைத் திறந்து திருத்தத் தொடங்கினார். “கலைச்செல்வி எம்பத்தாறு. செந்தூர்பாண்டி எம்பத்தாறு. பத்தாவது எடத்துல ரெண்டு பேரு ஆச்சே சார்?”

“ஏற்கெனவே இருக்குறவன் இருப்பான்.”

“அண்ணாச்சி,” என்றாள் கலைச்செல்வி, “உங்க தலைக்குப் பின்னால மூணாவது வரி.”

சிவசண்முகம் திரும்பிப் பார்த்தார். தானே ஒட்டியதைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘சம மதிப்பெண் பெற்றால் வயதில் மூத்தவருக்கே முன்னுரிமை.’ பிறகு விண்ணப்பங்களைப் புரட்டினார். இரண்டு பிறந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்கு எக்ஸ் எதுவும் தேவைப்படவில்லை.

“ஒம்போது வயசு மூப்பு” என்றார், பெருமாள்ராஜ் சாரின் முகத்தைப் பார்க்காமல்.

சார் கொட்டை எழுத்துக் கடைசி வரியைப் பார்த்தார். நிர்வாகத்தின் தீர்ப்பே இறுதியானது. ஆனால் நிர்வாகத்தின் தீர்ப்பு பச்சை மையில் கலைச்செல்வியின் கைப்பையில் இருந்தது. அதைக் கிழித்தால் விடை திருத்த வேண்டும். விடை திருத்தினால் பாட்டுப் போய்விடும். பாட்டா, பையனா என்று அவர் யோசித்த நேரம் பத்து நொடிகூட இல்லை.

“விதின்னா விதிதான்,” என்றார். எழுந்து வீடியோ அறைக்குப் போனார்.

செந்தூர்பாண்டி சான்றிதழ் உறையை மடியிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். நாற்காலியைவிட்டு எழுந்தபோது அதன் கைப்பிடியை ஒருமுறை தொட்டுக்கொண்டான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஆனால் நாற்காலியை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு வரவில்லை.

“யக்கா, ஒங்க நம்பரு குழுவுல இருக்குல்லா?”

“இருக்கு. அட்மின் இன்னும் நீக்கல.”

*

மறுவாரம் முதல் வகுப்பு. மின்விசிறி சொன்னபடியே தலைக்கு மேல் இருந்தது. மூன்று இறக்கையில் ஒன்று கோணல். நாற்காலியின் ஒரு கால் குட்டை. பரவாயில்லை, ஜெராக்ஸ் மெஷினின் சூடு இல்லை. குழுவில் எழுபத்திரண்டாவது கேள்வியின் போட்டோ இன்னும் அப்படியே இருந்தது. அதற்கு அன்று காலையில்கூட யாரோ புதிதாகக் கும்பிட்டிருந்தார்கள்.

பெருமாள்ராஜ் சார் பலகையில் எழுதினார்: வயதுக் கணக்குகள். கோடு ஸ்கேல் வைத்தாற்போல ஓடியது. “எல்லாரும் சொல்லுங்க பாப்போம்.”

“முன்னால கழி, பின்னால கூட்டு,” என்று ஒன்பது குரல்கள் சொல்லின. கலைச்செல்வி நோட்டில் மூன்று கட்டம் போட்டாள்.

சார் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவளுடைய வரிசை வந்ததும் பார்வை சன்னலுக்குத் தாவியது.

மடியில் செல்போன் அதிர்ந்தது. செந்தூர்பாண்டி. ஏதோ ஒரு கைடு புத்தகத்தின் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். சாய்ந்து, மங்கலாக, மூலையில் அவனுடைய பெரிய கட்டைவிரலோடு. கீழே எழுதியிருந்தான்: ‘யக்கா, இதுல எந்த வயச எக்ஸ்னு வைக்கணும்? மெஷினுட்ட கேட்டா முழிக்குது.’

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். ‘இன்னும்’ என்று தொடங்கிய வாக்கியம் அவன் நகத்துக்குக் கீழே போய் மறைந்திருந்தது.

பலகையில் சார் ஒரு விடையைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கலைச்செல்வி மேசைக்குக் கீழே தட்டச்சு செய்தாள்:

‘முதல்ல விரல எடு. எத்தன வருஷம்ங்கதே அதுக்கு அடியிலதான் கெடக்கு.’